மாதுளை முத்து நசுங்காமல் உதிர

"மாதுளம்பழத்தை வெட்டினாலே பாதி முத்து நசுங்கி கட்டை முழுக்க சாறாகிவிடுகிறது. சிவப்பாகப் பார்த்து வாங்கினாலும் சில பழம் உள்ளே வெளுத்துக் கிடக்கிறது. என்ன செய்யலாம்?" – வாசகி, வேளச்சேரி

முதலில் நிறத்தை நம்புவதை விடுங்கள். கோயம்பேட்டிலும் தள்ளுவண்டியிலும் அதிகம் கிடைக்கும் பகவா ரகம் தோலும் முத்தும் நல்ல சிவப்பாக இருக்கும், ஆனால் கணேஷ் ரகத்தின் தோல் மஞ்சள் கலந்து இருக்கும், முத்து இளஞ்சிவப்புதான், அது பழுக்காததால் அல்ல, ரகமே அப்படி. உருவத்தைப் பாருங்கள். உள்ளே முத்துகள் சாறு ஏறிப் பருக்கும்போது தோலை வெளியே தள்ளும், அதனால் நன்றாக விளைந்த பழம் உருண்டையாக இல்லாமல் பக்கங்கள் தட்டையாகி மேடு மேடாக இருக்கும். ஒரே அளவில் இரண்டு பழத்தை இரு கையிலும் எடுத்துப் பார்த்து, கனமானதை வாங்குங்கள். கிரீடத்தின் அடியில் அழுத்தினால் மெத்தென்று அமுங்குகிறதா? வேண்டாம், அழுகல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். மாதுளை பறித்தபிறகு பழுக்காது, ஆகவே காயாக வாங்கி அரிசிப் பானைக்குள் வைத்துப் பயனில்லை.

சரி, வெட்டுவதற்கு வருவோம். முத்து நசுங்கக் காரணம், பழத்தை நடுவில் குறுக்காக அறுப்பதுதான். உள்ளே வெள்ளைச் சவ்வு அறை அறையாகப் பிரித்து வைத்திருக்கிறது, குறுக்கே போகும் கத்தி எல்லா அறையின் முத்தையும் கிழித்துக்கொண்டு போகும். அதற்குப் பதில், கிரீடத்தைச் சுற்றி ஒரு விரல் அகலம் விட்டு, கத்தியின் நுனியால் தோலின் கனத்துக்கு மட்டும் வட்டமாகக் கீறி, மூடி போல நெம்பி எடுத்துவிடுங்கள். சிவப்பு முத்து தெரிந்தால் போதும், கத்தி அதைத் தொடக்கூடாது. இப்போது மேலிருந்து பார்த்தால் சவ்வுகள் நடுவிலிருந்து பிரிந்து ஓடுவது தெரியும், ஐந்தோ ஆறோ இருக்கும், ஒவ்வொரு சவ்வுக்கும் நேராகத் தோலில் மேலிருந்து அடிவரை லேசாகக் கீறுங்கள், தோலில் தெரியும் மேடுகள் பெரும்பாலும் அந்தக் கோட்டிலேயே இருக்கும். அப்புறம் இரண்டு கட்டைவிரலையும் நடுவில் வைத்து மெதுவாக விரித்தால் துண்டு துண்டாகப் பிரியும். பிரியாமல் அடம்பிடித்தால் அழுத்தாதீர்கள், கீறல் அடிவரை வரவில்லை என்று அர்த்தம், இன்னொரு முறை கீறுங்கள்.

ஒரு துண்டை எடுத்து, தண்ணீர் நிறைந்த எவர்சில்வர் பாத்திரத்துக்குள் முக்கி, தோலைப் பின்பக்கமாக வளைத்துக்கொண்டு கட்டைவிரலால் முத்தை உருட்டிவிடுங்கள், கிள்ளி இழுக்க வேண்டாம். முத்து அடியில் தங்கும், கசக்கும் சவ்வு மேலே மிதக்கும், கையால் அள்ளி எறிந்துவிடலாம். சாறும் துணியில் தெறிக்காது, அந்தக் கறை லேசில் போகாது. கரண்டியால் தட்டி உதிர்ப்பதும் நடக்கும், ஆனால் அதில் முத்து அடிபடத்தான் செய்யும், உடனே ஜூஸ் போடுவதாக இருந்தால் மட்டும் செய்யுங்கள்.

முத்தைத் தண்ணீரிலேயே ஊற விடாமல் உடனே வடித்து, துணியில் பரப்பி ஈரம் போனதும் டப்பாவில் மூடி ஃப்ரிட்ஜில் வையுங்கள், மூன்று நான்கு நாள் தாங்கும். பழுப்பாகி மெத்தென்று இருக்கும் முத்துகளை முன்பே பொறுக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் டப்பா முழுக்க வாடை ஏறிவிடும்.