கையில் ஒரு 555, ஒரு ரிலே, 60 வெள்ளி: இறுதியாண்டுக்கு என்ன புரோஜெக்ட் செய்யலாம்?

"பொலிடெக்னிக் கடைசி வருஷம். சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் வீடு. கையில 555 ஒண்ணு, பிசி547 ரெண்டு மூணு, 12 வோல்ட் ரிலே, டயோடு, கொஞ்சம் ரெசிஸ்டர் இருக்கு. 60 வெள்ளிக்கு மேல செலவு பண்ண முடியாது. மார்க் கிடைக்கிற மாதிரி என்ன செய்யலாம்?"

மழைத்தண்ணீர் தோங்கிலிருந்து மேல்தொட்டிக்குத் தானாக நீரேற்றும் கட்டுப்பாட்டைச் செய்யுங்கள். புதிதாக வாங்க வேண்டியது 12 வோல்ட் சின்னப் பம்பும் சில கெபாசிட்டர்களும் மட்டும்தான். பழைய மோடத்தின் 12 வோல்ட் 1 ஆம்பியர் அடாப்டர் இருந்தால் மின்சாரத்துக்கும் செலவில்லை. பம்ப் அதைவிடக் குறைவாக இழுக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். 240 வோல்ட் பம்பை ரிலேயில் மாட்ட வேண்டாம். தண்ணீரும் வீட்டு மின்சாரமும் ஒரே பெட்டியில் இருப்பது மாணவர் வேலைக்கு ஆகாது.

555ஐ இங்கே டைமராகப் பயன்படுத்தப் போவதில்லை. அதன் 2ஆம் கால் சப்ளையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போனால் வெளியீடு ஏறும். 6ஆம் கால் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டினால் இறங்கும். இடையில் பழைய நிலையிலேயே நிற்கும். நமக்கு வேண்டியதும் அதுதான். மேல்தொட்டியில் மூன்று கம்பிகள்: அடியில் பொதுக்கம்பி, அது 12 வோல்ட்டுக்கு. தாழ்மட்டக் கம்பி 2ஆம் காலுக்கு, உயர்மட்டக் கம்பி 6ஆம் காலுக்கு. இரு கால்களிலிருந்தும் கிரவுண்டுக்கு ஒவ்வொரு ரெசிஸ்டர். ஒரே கம்பியை வைத்துச் செய்பவர்களுக்கு நீர்மட்டம் சற்று அலைந்தாலும் ரிலே படபடவென்று அடிக்கும். இதில் அந்தத் தொல்லை கிடையாது.

எல்லாம் அந்த இரண்டு ரெசிஸ்டரில்தான் இருக்கிறது. இணையத்தில் கண்ட மதிப்பை அப்படியே போட்டால் குழாய்த் தண்ணீரில் ஓடும், மழைத்தண்ணீரில் ஓடாது, ஏனென்றால் மழைத்தண்ணீரில் உப்பு மிகக் குறைவு. முதலில் உங்கள் தண்ணீரை அளந்து பாருங்கள். மீட்டரின் ஓம் அளவில் வைத்தால் எண் ஏறிக்கொண்டே போகும், நம்ப முடியாது. அதனால் 12 வோல்ட், தண்ணீர், 100 கிலோஓம் ரெசிஸ்டர் மூன்றையும் தொடராக இணைத்து, ரெசிஸ்டரின் இரு முனைக்கும் நடுவே வோல்ட்டேஜை அளவிடுங்கள்.

```
Rw = 100k × (12 − V) / V
```

உதாரணமாக, 8 வோல்ட் காட்டினால் தண்ணீர் 50 கிலோஓம். 3 வோல்ட் காட்டினால் 300 கிலோஓம். 6ஆம் கால் மூன்றில் இரண்டு பங்கைத் தாண்ட, ரெசிஸ்டர் தண்ணீரைப் போல இரண்டு மடங்குக்கு மேல் இருக்க வேண்டும். 300 கிலோஓம் தண்ணீருக்கு அது 600க்கு மேல், ஆகவே 1 மெகாஓம். 2ஆம் காலுக்குத் தண்ணீரில் பாதிக்கு மேல், அதாவது 150க்கு மேல் இருந்தால் போதும். 330 கிலோஓம் போடுங்கள்.

இரண்டிலும் 1 மெகாஓம் போட்டால் என்ன என்று தோன்றும். தண்ணீர் இறங்கிய பிறகும் கம்பிகளைத் தாங்கும் குச்சியில் ஈரப்படலம் ஒட்டியிருக்கும். 2ஆம் காலில் 1 மெகாஓம் இருந்தால், 2 மெகாஓமுக்குக் குறைவான எந்தப் படலமும் அந்தக் காலை மேலேயே பிடித்து வைக்கும். தொட்டி காலியானாலும் பம்ப் ஓடாது. 330 போட்டால் அந்த எல்லை 660 கிலோஓமுக்கு இறங்கும். கம்பிகளைத் தனித்தனி பிளாஸ்டிக் குழாயில் நுழைத்து, நுனி மட்டும் வெளியே தெரியும்படி 5 சென்டிமீட்டர் இடைவெளியில் தொங்கவிடுங்கள். தண்ணீர் இறங்கியும் 2ஆம் காலில் வோல்ட்டேஜ் மெதுவாகத்தான் விழுகிறதென்றால் படலம்தான் காரணம்.

பொதுக்கம்பிக்குச் செம்பு வேண்டாம். அது நேர்முனை என்பதால் கரையும். 12 வோல்ட், தண்ணீரும் 2ஆம் கால் ரெசிஸ்டரும் சேர்ந்து 630 கிலோஓம் என்றால் சுமார் 19 மைக்ரோஆம்பியர். அது நாளொன்றுக்கு அரை மில்லிகிராம் செம்பைத் தண்ணீரில் இறக்கும். தீர்ந்துபோன சாதாரண கார்பன்-ஜிங்க் டார்ச் பேட்டரிக்குள் இருக்கும் கரிக்குச்சியை எடுத்துக் கழுவிப் போடுங்கள் (அல்கலைன் பேட்டரியை வெட்டாதீர்கள், அதில் கரிக்குச்சி இல்லை). மற்ற இரண்டுக்கும் ஸ்டெயின்லெஸ் கரண்டிக் காம்பு போதும். குடிநீர்த் தொட்டியில் இதை வைக்க வேண்டாம்.

மற்ற இணைப்புகள் எளிது. 3ஆம் காலிலிருந்து 4.7 கிலோஓம் வழியாக பிசி547, அது ரிலேயை ஓட்டும். ரிலே காயிலின் குறுக்கே 1என்4007, வெள்ளைக் கோடு 12 வோல்ட் பக்கம். இதை மறந்தால் டிரான்சிஸ்டர் போய்விடும். 4ஆம் காலுக்கு 12 வோல்ட்டிலிருந்து 10 கிலோஓம், அங்கிருந்து கிரவுண்டுக்கு 100 மைக்ரோஃபாரட். மின்தடை முடிந்து கரண்ட் வரும்போது பம்ப் நின்ற நிலையில் தொடங்கும். 5ஆம் காலுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 10 நானோஃபாரட். 2ஆம், 6ஆம் கால்களிலிருந்து கிரவுண்டுக்கும், பம்பின் இரு முனைக்கும் நடுவேயும் 100 நானோஃபாரட். இல்லாவிட்டால் மோட்டாரின் இரைச்சலே 555ஐப் புரட்டிவிடும்.

பம்ப் ஓடும்போது அடாப்டர் 12லிருந்து 10.5க்கு இறங்கினாலும் மட்டங்கள் மாறாது. 555இன் எல்லைகளும் கம்பியின் வோல்ட்டேஜும் ஒரே சப்ளையின் பங்குகள்தான், இரண்டும் சேர்ந்தே இறங்கும். தேர்வாளர் கேட்கக்கூடிய கேள்வி இது. அளந்து எழுதி வையுங்கள்.

அறிக்கைக்கு, ஒரே தண்ணீரில் ஒரு வாளியில் செம்பும் இன்னொன்றில் கரிக்குச்சியும் நேர்முனையாக வைத்து, 14 நாள் தினமும் ஒரே நேரத்தில் ரெசிஸ்டரின் வோல்ட்டேஜைக் குறித்து வரைபடம் போடுங்கள். கீழே உள்ள தோங் வற்றினால் பம்ப் வெறுமனே ஓடும் என்ற குறையையும் அதில் சொல்லுங்கள். மீதமிருக்கும் ஒரு பிசி547ஐ வைத்து அதைத் தடுப்பதுதான் அடுத்த வேலை.