முகம் மாறும், பின்னிருக்கை மாறாது

அன்புள்ள ஐயா,

11 ஆண்டுகளாக ஒரு சின்னக் கார் ஓட்டுகிறேன். இப்போது கிளட்ச் வழுக்க ஆரம்பித்திருக்கிறது. நடுத்தர அளவு எஸ்.யு.வி. ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். அந்த மாடல் வந்து 4 ஆண்டுகள் ஆகின்றன. முன்னும் பின்னும் வரிவரியாக ஸ்டிக்கர் ஒட்டி அதைச் சோதனை ஓட்டம் விடுகிற படங்கள் வந்துகொண்டிருக்கின்றன. இன்னும் 8 மாதத்தில் புதிய வடிவம் வரும் என்கிறார்கள். ஷோரூமில் இப்போதே எடுத்தால் 7 சதவீதம் குறைப்பதாகச் சொல்கிறார்கள். எனக்கு அந்த வண்டியில் இரண்டு குறைகள்: பின்னிருக்கையில் முழங்கால் இடிக்கிறது, தொடுதிரை மெதுவாக வேலை செய்கிறது. நான் ஒரு காரை வாங்கினால் 10 ஆண்டு வைத்திருப்பவன். எடுக்கலாமா, காத்திருக்கலாமா?

கா.

அன்புள்ள கா.,

முதலில் அந்தப் படங்களை இன்னொரு முறை பாருங்கள். ஸ்டிக்கர் பம்பரிலும் விளக்குகளிலும் மட்டும் இருந்து, கதவும் கூரையும் மறைக்கப்படாமல் தெரிந்தால் வருவது ஃபேஸ்லிஃப்ட், அதாவது அதே வண்டிக்கு முகத்தை மட்டும் மாற்றுவது. வண்டி முழுக்கப் போர்த்தியிருந்தால், அதிலும் கதவுக் கண்ணாடியின் விளிம்புக் கோடு இப்போதைய வண்டியோடு பொருந்தவில்லை என்றால், அது புதிய தலைமுறை. மறைக்க வேண்டியதைத்தான் மறைப்பார்கள். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் உங்களுடையது முதல் வகை. மாடல் வந்து 4 ஆண்டு என்பதும் அதற்கு ஒத்துப்போகிறது. பெரும்பாலான தயாரிப்பாளர்கள் ஒரு தலைமுறையை 6 முதல் 8 ஆண்டு ஓட்டி, நடுவழியில் ஒருமுறை முகத்தை மாற்றுகிறார்கள்.

உங்கள் கேள்விக்கான பாதி விடை இதிலேயே இருக்கிறது. கதவு, கூரை, தரைத்தகடு போன்றவற்றை எஃகுத் தகட்டிலிருந்து அழுத்தி எடுக்கும் அச்சுகள்தான் ஒரு கார் தயாரிப்பின் பெரிய செலவுகளில் ஒன்று. அவற்றைத் தொட்டால் வெல்டிங் வரிசை மாறும், மோதல் சோதனைகளைத் திரும்ப நடத்த வேண்டிவரும். ஆகவே ஃபேஸ்லிஃப்டில் அந்தப் பக்கம் பொதுவாகப் போகமாட்டார்கள். பிளாஸ்டிக் பம்பர், கிரில், விளக்குகள், சில வண்டிகளில் பானெட், உள்ளே டாஷ்போர்டின் மேல்பகுதி, திரை, இருக்கை உறை, சில சமயம் எஞ்சின் தேர்வுகள் என்பதோடு நின்றுவிடும். முன்னிருக்கைக்கும் பின்னிருக்கைக்கும் நடுவிலுள்ள தூரம் தரைத்தகட்டோடு கட்டுண்டது. முன்னிருக்கை முதுகைக் குடைந்து விரலகலம் இடம் பிடிப்பார்கள், அவ்வளவுதான். உங்கள் முதல் குறை 8 மாதம் கழித்தும் அப்படியே இருக்கும்.

அதனால் காத்திருப்பதா என்று யோசிக்கும் முன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். ஷோரூம் வண்டியில் ஓட்டுநர் இருக்கையை உங்கள் உயரத்துக்குச் சரியாக வைத்துவிட்டு, அதே இருக்கைக்குப் பின்னால் போய் 20 நிமிடம் உட்காருங்கள். வீட்டில் யார் உயரமோ அவரையும் உட்காரச் சொல்லுங்கள். 2 நிமிடத்தில் எல்லா இருக்கையும் வசதியாகத்தான் இருக்கும். முழங்கால் இடிப்பதைச் சகிக்கலாம், தொடை அந்தரத்தில் நிற்பதுதான் நீண்ட பயணத்தில் வலிக்கும். இதில் தேறவில்லை என்றால் இந்த மாடலையே விட்டுவிடுங்கள். இன்றைக்கும் வேண்டாம், 8 மாதம் கழித்தும் வேண்டாம்.

தேறினால் மிச்சமிருப்பது திரை. இதில் ஃபேஸ்லிஃப்ட் உண்மையாகவே உதவக்கூடும். ஃபோக்ஸ்வாகன் கோல்ஃபின் 8-ஆம் தலைமுறை 2019 அக்டோபரில் வந்தபோது, ஒலியையும் வெப்பநிலையையும் கூட்டிக் குறைக்கும் தொடுபட்டைகளுக்கு இரவில் விளக்கே எரியாது. சில வகைகளில் ஸ்டியரிங்கிலும் தொடுபொத்தான்கள் வைத்திருந்தார்கள். வாங்கியவர்கள் புலம்பித் தீர்த்தார்கள். 2024 ஜனவரியில் காட்டப்பட்ட ஃபேஸ்லிஃப்டில் பட்டைக்கு விளக்கு வந்தது, ஸ்டியரிங்கில் அழுத்தும் பொத்தான்கள் திரும்பி வந்தன, திரையும் மென்பொருளும் புதிதாயின. பழைய வண்டிக்காரர்களுக்கு மென்பொருள் மேம்பாடு கிடைக்கலாம், எரியாத பட்டையை எந்த மென்பொருளும் எரியவைக்காது. திரைக்குப் பின்னாலுள்ள கணினி வேகமானதாக மாறினாலும் இதே கதைதான்.

ஆனால் மாற்றமெல்லாம் ஏற்றம் அல்ல. டெஸ்லா மாடல் 3 வண்டியை 2023-இல் புதுப்பித்தபோது இண்டிகேட்டர் தண்டை எடுத்துவிட்டு, ஸ்டியரிங்கில் பொத்தான்களாக வைத்தார்கள். ரவுண்டானாவில் ஸ்டியரிங் திரும்பியிருக்கும்போது அந்தப் பொத்தான் எந்தப் பக்கம் போயிற்று என்று தேட வேண்டும். ஏ.சி. குமிழ் போய்த் திரைக்குள் ஒளிந்துகொள்வது இன்னும் பரவலான இழப்பு. வரப்போகிற வண்டி இப்போதையதைவிட நல்லதாக இருக்கும் என்பது நம் ஊகம் மட்டுமே.

இனி கணக்கு. இன்றைய விலைப்பட்டியல் விலையை 100 என்று வைத்துக்கொள்வோம். 7 குறைத்தால் 93-க்கு எடுக்கிறீர்கள். புதிய முகத்தோடு வருவது அதே வகையில், அதாவது அதே வேரியண்டில், 3 கூடுதலாக இருக்கும் என்று கொள்வோம். வந்த புதிதில் தள்ளுபடி எதிர்பார்க்க முடியாது. ஆக 103. வித்தியாசம் 10.

இதில் எவ்வளவு விற்கும்போது திரும்பி வரும்? இதற்கு யாரையும் கேட்க வேண்டாம். முன்பு இதேபோல் ஃபேஸ்லிஃப்ட் கண்ட ஒரு காரை எடுத்துக்கொண்டு, அதன் பழைய வண்டி விலைகளை ஆண்டுவாரியாக எழுதுங்கள். ஒரே வகை, ஏறத்தாழ ஒரே கிலோமீட்டர். அடுத்தடுத்த ஆண்டுகளுக்கு நடுவே வழக்கமாக ஒரு படி இறங்கும். பழைய முகத்தின் கடைசி ஆண்டுக்கும் புது முகத்தின் முதல் முழு ஆண்டுக்கும் நடுவிலுள்ள படி மட்டும் உயரமாக இருக்கும். அந்தக் கூடுதல் உயரம்தான் முகத்துக்குச் சந்தை தரும் விலை. 3 வயது வண்டிகளில் அது 8 என்று வருகிறது, 10 வயது வண்டிகளில் 2 என்று வருகிறது என வைத்துக்கொள்ளுங்கள். இது கணக்கைக் காட்ட நான் போட்ட எண், உங்கள் எண்ணை நீங்கள் போடுங்கள். 3 ஆண்டில் விற்பவர் 10 கூடுதலாகக் கொடுத்து 8 திரும்பப் பெறுகிறார். அவர் காத்திருப்பதில் தவறில்லை. நீங்கள் 10 கொடுத்து 2 பெறுவீர்கள். மீதி 8, நல்ல திரைக்கும் புது முகத்துக்கும் நீங்கள் தரும் விலை. அதற்கு அது தகுமா என்பதுதான் கேள்வி.

இதோடு உங்கள் பழைய வண்டியையும் சேர்க்க வேண்டும். 11 வயது வண்டி 8 மாதத்தில் மதிப்பில் பெரிதாக ஒன்றும் இழக்காது, அந்தக் கவலை வேண்டாம். கிளட்ச்தான் விஷயம். மேல் கியரில் நடுத்தர வேகத்தில் போகும்போது ஆக்சிலரேட்டரைச் சட்டென்று அழுத்துங்கள். எஞ்சின் சுற்று மட்டும் எகிறி, வேகம் பின்தங்கினால் தட்டு தேய்ந்துவிட்டது. பிறகு அது மாதக்கணக்கில் தாங்காது. ஒருநாள் ஏற்றத்தில் வண்டி நின்றுவிடும். காத்திருப்பதானால் மாற்றியே ஆக வேண்டும், அந்தச் செலவு எக்ஸ்சேஞ்ச் மதிப்பில் ஏறாது. அந்த 8-ஓடு இதையும் கூட்டுங்கள்.

8 மாதம் என்பதும் 8 மாதம் அல்ல. வதந்தியில் வருகிற தேதி பெரும்பாலும் வண்டியை மேடையில் காட்டும் நாள். அதன்பின் முன்பதிவு, விலை அறிவிப்பு, டெலிவரி. பல நேரம் மேல்வகைகளைத்தான் முதலில் அனுப்புவார்கள், நடுவகை கேட்டவர் வரிசையில் நிற்பார். ஒரு வருடம் என்று வைத்துக்கொண்டு யோசியுங்கள்.

இவ்வளவுக்கும் மேலாக ஒரே ஒரு காரணத்துக்குக் காத்திருக்கச் சொல்வேன். நீங்கள் எடுக்க நினைக்கும் வகையில் இன்று பக்கவாட்டுத் திரை ஏர்பேக்கோ தானியங்கி அவசர பிரேக்கோ இல்லாமல், ஃபேஸ்லிஃப்டில் அது எல்லா வகைக்கும் வருகிறது என்று தயாரிப்பாளரே அறிவித்தால், பழைய முகத்தை எடுக்காதீர்கள். தொடுதிரையை வெளியில் மாற்றிக்கொள்ள வழியுண்டு. ஏர்பேக்கைப் பின்னால் பொருத்த முடியாது. வதந்தியாக மட்டும் இருந்தால் அதற்காக நிற்க வேண்டாம்.

அது இல்லையென்றால், பின்னிருக்கைச் சோதனையில் தேறினால், இப்போதே எடுங்கள். 4 ஆண்டு ஓடிய வண்டியில் முதல் ஆண்டின் கோளாறுகள் பெரும்பாலும் சத்தமில்லாமல் திருத்தப்பட்டிருக்கும். வரப்போவது புதிய தலைமுறையாக இருந்தாலும், முதல் சில மாதத் தயாரிப்பை வாங்கச் சொல்லியிருக்க மாட்டேன். மேலே சொன்ன கோல்ஃபிலேயே அவசர அழைப்பு மென்பொருள் கோளாறால் 2020 மே மாதத்தில் டெலிவரியை நிறுத்தி வைத்தார்கள்.

எடுக்கும்போது 7 சதவீதம் எதிலிருந்து என்று பாருங்கள். தள்ளுபடியை ஒரு கையால் கொடுத்து, கட்டாய உதிரி அலங்காரம், அவர்களே சொல்லும் இன்ஷூரன்ஸ் என்று மறுகையால் வாங்கிக்கொள்வது பழைய வித்தை. வண்டி கைக்கு வரும் மொத்தத் தொகையை எழுத்தில் கேட்டு, இரண்டு ஷோரூம்களை அந்தத் தொகையில் ஒப்பிடுங்கள். புதிய முகம் அறிவிக்கப்பட்ட பிறகு தள்ளுபடி இன்னும் கூடும் என்பது உண்மை. அப்போது மிச்சமிருப்பது யாரும் எடுக்காத நிறமும் யாரும் கேட்காத வகையுமாக இருக்கும். நிறம் உங்களுக்குப் பொருட்டில்லை என்றால் கிளட்ச் தாங்கும்வரை விட்டுப்பிடிக்கலாம்.

கடைசியாக, உங்களுக்கு ஒதுக்கிய வண்டியைப் பணம் கட்டும் முன் நேரில் பாருங்கள். தயாரிப்பு மாதத்தை வண்டியில் பதித்துள்ள தகட்டில் படியுங்கள். டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் 4 இலக்கம் இருக்கும்: 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். டயர் ஒரு பக்கம் காட்டாவிட்டால் உள்பக்கம் பாருங்கள். வண்டியின் மாதத்தைவிட டயர் சில வாரம் மூத்ததாக இருப்பது இயல்பு. வண்டியே யார்டில் 6 மாதத்துக்கு மேல் நின்றிருந்தால் 12 வோல்ட் பேட்டரியைச் சோதிக்கச் சொல்லுங்கள், பலவீனமாக இருந்தால் டெலிவரிக்கு முன்பே மாற்றித் தரக் கேளுங்கள். நேரான சாலையில் ஓட்டும்போது சக்கரம் தட்டித்தட்டிச் சுழல்வதுபோல் அதிர்ந்து, 20 கிலோமீட்டர் ஓடியும் அடங்கவில்லை என்றால், நின்ற இடத்திலேயே டயர் தட்டையாகிவிட்டது. அந்த வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறொன்று கேளுங்கள்.