வவுனியாவும் அடிஸ் அபாபாவும் ஒரே அகலக்கோடு, ஆனால் ஒரே வெயில் இல்லை

கேள்வி: மகன் வேலைக்காக எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவுக்குப் போகிறான். அட்லஸில் அதுவும் எங்கள் வவுனியாவும் கிட்டத்தட்ட 9 பாகை வடக்கு. அப்போ வெக்கையும் இங்கே போலத்தானே? மெல்லிய உடுப்பு போதுமா?

போதாது. இரண்டு சுவெட்டரும் தடித்த போர்வை ஒன்றும் கட்டாயம் கொடுத்து விடுங்கள். அடிஸ் அபாபாவின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16, 17 பாகை செல்சியஸ்தான். வவுனியாவில் அது சுமார் 28.

அகலக்கோடு சொல்வது சூரியன் எவ்வளவு உச்சியில் நிற்கும் என்பதை மட்டும்தான். அந்த விஷயத்தில் இரண்டு ஊரும் ஒன்று. வித்தியாசம் உயரத்தில் இருக்கிறது. வவுனியா கடல் மட்டத்தில் இருந்து 100 மீற்றர் அளவில் இருக்கிறது, அடிஸ் அபாபா ஏறத்தாழ 2,350 மீற்றரில். நம் நுவரெலியாவே 1,868 மீற்றர்தான்.

மேலே போகப்போகச் சூரியனுக்குக் கிட்டப் போகிறோமே, ஏன் குளிர்கிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள். வெயில் காற்றை நேரடியாகச் சூடாக்குவது மிகக் குறைவு. வெயில் நிலத்தைச் சூடாக்கும், நிலம் காற்றைச் சூடாக்கும். அந்தக் காற்று மேலே எழும்போது அழுத்தம் குறைவதால் விரிகிறது, விரியும்போது குளிர்கிறது. சைக்கிள் ரியூப்பின் வால்வை அமத்திக் காற்றை விட்டுப் பாருங்கள், விரலில் குளிர்ச்சி படும். வவுனியாவில் வாங்கிய மிக்சர் பைக்கற்று நுவரெலியா போய்ச் சேரும்போது பலூன் மாதிரி ஊதி நிற்பதும் இதே அழுத்தக் குறைவால்தான்.

கணக்கு எளிது: 1,000 மீற்றருக்குச் சராசரி 6.5 பாகை குறையும். ஏறத்தாழ ஒரே அகலக்கோட்டில் உள்ள கொழும்பையும் நுவரெலியாவையும் எடுங்கள். கொழும்பு 28 என்றால் 1,868 மீற்றருக்கு 12 கழித்து 16 வரும், நுவரெலியாவின் உண்மைச் சராசரியும் அதுதான். ஆனால் அடிஸ் அபாபாவுக்கு இதே கணக்கைப் போட்டால் 13 அல்லது 14 வருகிறது, உண்மையில் 2, 3 பாகை கூட. காரணம், அது தனியாக நிற்கும் மலை முகடு இல்லை, பரந்த மேட்டுநிலம். அந்த உயரத்திலும் வெயிலில் காய்ந்து காற்றைச் சூடாக்க நிறைய நிலம் இருக்கிறது. ஆகவே மேட்டுநில ஊர்களுக்குக் கணக்கில் வருவதை விடக் கொஞ்சம் கூட்டியே எதிர்பாருங்கள்.

இனிக் கடல். முல்லைத்தீவுக்கும் வவுனியாவுக்கும் ஆண்டுச் சராசரியில் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் நாளுக்குள் இருக்கிறது. பின்னேரம் கடற்காற்று வீசும்போது முல்லைத்தீவில் மூச்சு விடலாம், வவுனியாவில் தார் றோட்டில் அனல் பறக்கும். தை மாத விடியற்காலையில் பார்த்தால் மறுதலை: வவுனியாவில்தான் போர்வை தேடுவோம். நிலம் சட்டென்று சூடாகிச் சட்டென்று ஆறும், கடல் இரண்டையும் மெதுவாகச் செய்யும். சராசரி மாறாததற்குக் காரணம் நம்மைச் சுற்றியுள்ள கடலே 28 பாகை அளவில் இருப்பது.

கடல் தண்ணீரே குளிராக இருந்தால்? பெரு நாட்டின் லீமா 12 பாகை தெற்கு, பிரேசிலின் சல்வடோர் 13 பாகை தெற்கு. இரண்டும் கடற்கரை நகரங்கள், இரண்டும் தாழ்ந்த இடங்கள். சல்வடோரின் சராசரி 25 பாகைக்கு மேல், லீமாவின் சராசரி 20க்குள். லீமாவின் கரையோரம் ஹம்போல்ட் என்ற குளிர்ந்த நீரோட்டம் தெற்கிலிருந்து வருகிறது. அதோடு கரையை ஒட்டி வீசும் காற்று மேல்நீரைக் கரையில் இருந்து விலக்க, ஆழத்துக் குளிர்நீர் மேலே வருகிறது. எல் நினோ ஆண்டுகளில் இந்தக் குளிர்நீர் மேலே வருவது தடைப்படும், அப்போது லீமாவிலும் சூடு ஏறும். சல்வடோரைத் தொடும் நீரோட்டம் வெப்பமானது.

ஆகவே அட்லஸில் அகலக்கோட்டோடு நிற்க வேண்டாம். முதலில் ஊரின் உயரத்தைப் பாருங்கள், அப்புறம் கரையோர ஊர் என்றால் அதைத் தொடும் நீரோட்டம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்.

மகனுக்கு இன்னும் சில விஷயம். அங்கே ஆனி முதல் புரட்டாதி வரை மழைக்காலம். இங்கே சோளகம் வீசி வன்னி காய்ந்து கிடக்கும்போது அவன் குடையோடும் சுவெட்டரோடும் திரிவான். கார்த்திகை, மார்கழி இரவுகளில் 10 பாகைக்கும் கீழே போகும், போர்வை அப்போதுதான் உதவும். மதிய வெயிலில் தொப்பி வேண்டும், காற்று மெல்லியதால் குளிர் தெரிந்தாலும் தோல் கருகும். தண்ணீர் அங்கே 92 பாகை அளவிலேயே கொதித்துவிடும், அதனால் சோறும் பருப்பும் வேக நேரமெடுக்கும். சிறிய பிரஷர் குக்கர் ஒன்றையும் பெட்டியில் வைத்து விடுங்கள்.