ஆட்சேபம் அனுப்பினோம், விதி அப்படியே வந்துவிட்டது

கேள்வி: சுற்றுச்சூழல் அனுமதி விதியில் மத்திய அரசு ஒரு திருத்தம் கொண்டுவந்தது. வரைவு ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே அரசிதழில் வந்தது. எங்கள் ஊர் விவசாயிகள் சேர்ந்து 60 நாளுக்குள் ஆட்சேபம் அனுப்பினோம். பதில் இல்லை. இறுதி அறிவிக்கையில் ‘ஆட்சேபங்கள் பரிசீலிக்கப்பட்டன’ என்று ஒரு வரி இருக்கிறது. வரைவில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. வழக்குப் போட முடியுமா?

பதில்: போடலாம். ஆனால் பதில் வரவில்லை, மாற்றவில்லை என்ற இரண்டை மட்டும் நம்பிப் போனால் தோற்பீர்கள். அரசு உங்கள் கருத்தை ஏற்க வேண்டியதில்லை, ஆளுக்கொரு பதில் அனுப்ப வேண்டியதும் இல்லை. உங்கள் ஆட்சேபத்தை அது உண்மையிலேயே பரிசீலித்ததா என்பதுதான் நீதிமன்றத்தில் எடுபடும் கேள்வி.

விதி வகுப்பது சட்டம் இயற்றும் வேலையைச் சேர்ந்தது. அதனால் மக்களைக் கேட்டுத்தான் விதி போட வேண்டும் என்ற பொதுவான கடமை நம் நாட்டில் இல்லை. தாய்ச்சட்டமோ அதன் கீழுள்ள விதியோ கேட்கச் சொல்லியிருந்தால்தான் உண்டு. நல்லவேளையாக உங்கள் விஷயத்தில் அது இருக்கிறது. 1986-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) விதிகளில் 5(3), வரைவை அரசிதழில் வெளியிட்டு 60 நாள் ஆட்சேபம் பெறச் சொல்கிறது; வந்தவற்றைப் பரிசீலிக்கவும் சொல்கிறது. அடுத்துள்ள 5(4), பொதுநலன் கருதி இந்த அறிவிப்பையே தவிர்க்க அனுமதிக்கிறது.

அந்த 5(4)-ஐ அரசு எப்படிப் பயன்படுத்தியது என்பதற்கு ஒரு வழக்கைச் சொல்கிறேன். 2020 மார்ச் 28 அன்று, நாடு பொதுமுடக்கத்தில் இருந்தபோது, சாலை, குழாய்ப்பாதை போன்ற திட்டங்களுக்குச் சாதாரண மண் எடுக்க முன் அனுமதி வேண்டாம் என்று ஓர் அறிவிக்கை வந்தது. வரைவும் இல்லை, 60 நாளும் இல்லை. ‘நோபிள் எம். பைக்கடா எதிர் இந்திய ஒன்றியம்’ வழக்கில் 2024 மார்ச் மாதம் உச்ச நீதிமன்றம் அந்த விலக்கை ரத்து செய்தது. பொதுநலன் என்று எழுதிவிட்டால் போதாது, மக்களைக் கேட்காமல் இருக்கும் அளவுக்கு என்ன அவசரம் என்று காட்ட வேண்டும் என்றது. முடக்கத்தில் சாலைப் பணிகளே ஏறத்தாழ நின்றிருந்த நேரத்தில் என்ன அவசரம்? அரசால் சொல்ல முடியவில்லை. எவ்வளவு மண் எடுக்கலாம் என்ற வரம்புகூட அந்த விலக்கில் இல்லை என்பதும் அரசுக்கு எதிராகப் போனது.

உங்களிடம் கேட்டிருக்கிறார்கள் என்பதால் உங்கள் வழக்கு அதைவிடக் கடினம். இங்கே உதவக்கூடியது 2016-இல் உச்ச நீதிமன்றம் தந்த கைப்பேசி ‘கால் டிராப்’ தீர்ப்பு. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கலந்தாய்வு நடத்திய பிறகுதான், துண்டிக்கப்படும் அழைப்புக்கு 1 ரூபாய், ஒரு நாளில் 3 அழைப்பு வரை, இழப்பீடு தரச் சொல்லும் ஒழுங்குமுறையைக் கொண்டுவந்தது. ஆனாலும் அது ரத்தானது. ரத்துக்கு வேறு காரணங்களும் இருந்தன. கலந்தாய்வைப் பற்றிச் சொல்லும்போது, வந்த கருத்துகளைக் கவனமாக எடைபோட்டு, ஏற்காததற்குக் காரணம் சொல்லியிருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். டிராய் சட்டத்தில் வெளிப்படைத்தன்மை என்ற கடமை எழுத்திலேயே இருக்கிறது. சுற்றுச்சூழல் விதியில் ‘பரிசீலித்து’ என்பதோடு நிற்கிறது. எனவே அரசுத் தரப்பு இந்தத் தீர்ப்பு பொருந்தாது என்று வாதிடும். அதற்குத் தயாராகப் போங்கள்.

அதனால் முதல் வேலை, கோப்பைப் பார்ப்பது. அமைச்சகத்துக்குத் தகவல் உரிமை மனு போடுங்கள். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்குக் கெடு 30 நாள். வந்த ஆட்சேபங்களின் தொகுப்பு, அவற்றின் மேல் எழுதிய கோப்புக் குறிப்புகள், நிபுணர் குழுக் கூட்ட நடவடிக்கைக் குறிப்பு ஆகிய மூன்றையும் தேதியோடு கேளுங்கள். உங்கள் கடிதம் எந்தத் தொகுப்பிலும் இல்லை, அல்லது ஆட்சேபக் காலம் முடியும் முன்பே இறுதி வாசகம் ஒப்புதலாகிவிட்டது என்று தெரிந்தால் உங்கள் வழக்கு வலுவானது. ஒவ்வொரு ஆட்சேபத்துக்கும் எதிரே ஏற்காத காரணத்தை எழுதியிருந்தால், அந்தக் காரணம் உங்களுக்குத் தவறாகப் பட்டாலும், இந்த வாதத்தை விட்டுவிடுவது நல்லது.

மொழி விஷயத்தில் கவனம் தேவை. 2020 வரைவுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையை அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள மொழிகளில் பெயர்க்கச் சொல்லி, கெடுவை ஆகஸ்ட் 11 வரை நீட்டியது டெல்லி உயர் நீதிமன்றம். மத்திய அரசு அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றது. எனவே தமிழில் இல்லை என்ற ஒரே காரணத்தால் விதி விழும் என்று நான் சொல்ல மாட்டேன். நீங்கள் வரைவைப் படித்து ஆட்சேபமும் அனுப்பிவிட்டதால் உங்களுக்கு என்ன பாதிப்பு என்றும் கேட்பார்கள். புரியாததால் அனுப்ப முடியாமல் போன ஒருவரையும் மனுதாரராகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

விதியையே செல்லாது என்று அறிவிக்கக் கேட்பதால், பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போகாமல் அரசியலமைப்பின் 226-ஆவது பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடுங்கள். அதற்குக் கால வரையறை சட்டத்தில் இல்லை. ஆனாலும் தாமதித்தால் அதையே காரணமாக்கித் தள்ளுபடி செய்யலாம். தகவல் உரிமை மனுவுக்கு 30 நாளில் பதில் வராவிட்டால் அதன் நகலை இணைத்து வழக்கைத் தாக்கல் செய்து, கோப்பை வரவழைக்க நீதிமன்றத்திடமே கேளுங்கள்.