ஊசியில இருந்து மாத்திரைக்கு மாத்தினா பவர் குறையுமா?

"அம்மாவுக்கு கிட்னி இன்ஃபெக்ஷன், மூணு நாள் செஃப்ட்ரியாக்சோன் ஊசி போட்டாங்க, இப்போ லீவோஃப்ளாக்சசின் மாத்திரைங்கறாங்க. கல்ச்சர் ரிப்போர்ட்ல நைட்ரோஃப்யூரன்டாயினும் கேட்கும்னு இருக்கு, அத ஏன் தரல?"

பயப்படாதீங்க. ஊசிக்கு பவர் ஜாஸ்திங்கறது எல்லா மருந்துக்கும் பொருந்தாது, லீவோஃப்ளாக்சசின வாயில போட்டாலும் கிட்டத்தட்ட முழுசா ரத்தத்துல சேர்ந்துடும், ஆனா செஃபிக்சிம் மாதிரி மாத்திரைல பாதி அளவுதான் சேரும், அதான் டாக்டர் லீவோஃப்ளாக்சசின எடுத்திருப்பார். பொதுவா ஒரு நாள் முழுக்க காய்ச்சல் இல்லாம, பிபி, நாடி நார்மலா, வாந்தியில்லாம சாப்பிடறாங்கன்னா மாத்தலாம். இதயவால்வு, மூளைக்காய்ச்சல் மாதிரி இன்ஃபெக்ஷன்னா இவ்வளவு சீக்கிரம் மாத்த மாட்டாங்க.

நைட்ரோஃப்யூரன்டாயின் விஷயம் நல்ல கேள்வி. அது யூரின்ல நிறைய சேரும், ஆனா கிட்னி சதைக்குள்ள போதுமான அளவு ஏறாது. அதனால வெறும் நீர்க்கடுப்புக்கு ஓகே, கிட்னி வரைக்கும் போன இன்ஃபெக்ஷனுக்கு ரிப்போர்ட்ல கேட்கும்னு போட்டிருந்தாலும் உதவாது. லேப் பார்க்கறது கிருமிய மட்டும்தானே, அது எங்க உக்காந்திருக்குன்னு அதுக்குத் தெரியாது.

ஒண்ணு கவனிங்க, அம்மா அயர்ன், கால்சியம் மாத்திரையோ ஆன்டாசிட் சிரப்போ எடுத்தா லீவோஃப்ளாக்சசினுக்கு ரெண்டு மணி நேரம் முன்னபின்ன தள்ளி வைங்க, சேர்த்துப் போட்டா மருந்து குடல்லயே கட்டிப்போய் ஏறாது. சுகர் மாத்திரை போடறவங்கன்னா டாக்டர்கிட்ட சொல்லிடுங்க, சுகர் திடீர்னு இறங்கலாம். கிட்னி வேலை குறைஞ்சிருந்தா டோஸும் மாறும், கிரியேட்டினின் பாத்தாங்களான்னு கேளுங்க. திரும்ப குளிர்காய்ச்சல் வந்தாலோ மாத்திரைய வாந்தி எடுத்தாலோ அன்னிக்கே கூட்டிட்டுப் போயிடுங்க.