சுழற்சியா, பிரமிடா, வென் படமா: ஸ்லைடில் எதை வரைவது?

கேள்வி: வாடிக்கையாளர் புகார்களை எங்கள் பிரிவு எப்படிக் கையாள்கிறது என்று நிர்வாகக் கூட்டத்தில் விளக்க வேண்டும். ஐந்து கட்டங்களைச் சுழற்சிப் படமாகவும், புகாரைத் தீர்க்கும் மூன்று நிலைகளைப் பிரமிடாகவும், மூன்று துறைகளின் பங்கை வென் படமாகவும் போட்டிருக்கிறேன். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒத்திகையில் ஒருவர், "கடைசிப் பெட்டியிலிருந்து அம்பு ஏன் முதல் பெட்டிக்குப் போகிறது?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. படங்களை மாற்ற வேண்டுமா, விளக்கம் சேர்த்தால் போதுமா?

பதில்: படங்களைத்தான் மாற்ற வேண்டும். பார்ப்பவர் முதலில் படத்தைப் படித்து, அதில் தெரியும் உறவை நம்பிவிடுகிறார். அப்புறம்தான் உங்கள் பேச்சைக் கேட்கிறார். இரண்டும் வேறு வேறாக இருந்தால் அவர் மனதில் படம்தான் நிற்கும்.

சுழற்சிப் படத்திலிருந்து தொடங்குவோம். புகார் வருகிறது, வகை பிரிக்கிறீர்கள், தீர்க்கிறீர்கள், வாடிக்கையாளருக்குத் தெரிவிக்கிறீர்கள், மாதம் ஒருமுறை மறுஆய்வு செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு அம்பையும் வினைச்சொல் போட்டு ஒரு முழு வாக்கியமாக வாய்விட்டுப் படியுங்கள். "வந்த புகார் வகை பிரிக்கப்படுகிறது." சரி. "பிரித்த புகார் தீர்வுக்குப் போகிறது." சரி. "தீர்ந்ததை வாடிக்கையாளருக்குத் தெரிவிக்கிறோம்." இதுவும் சரி. கடைசி அம்பு என்ன சொல்கிறது? "மறுஆய்வு புதிய புகாரை வரவழைக்கிறது." நீங்கள் அப்படிச் சொல்ல நினைக்கவே இல்லை. அடுத்த புகார் வேறொரு வாடிக்கையாளரிடமிருந்து வேறொரு காரணத்துக்காக வருகிறது. உங்கள் மறுஆய்வுக்கும் அதன் வருகைக்கும் தொடர்பில்லை. ஒத்திகையில் கேட்டவர் பிடித்தது இந்த இடத்தைத்தான்.

சுழற்சி என்றால் ஏதோ ஒன்று உண்மையிலேயே சுற்றி வர வேண்டும். கடலிலிருந்து ஆவியாகும் நீர் மேகமாகி, மழையாகி, ஆறாகி மறுபடி கடலுக்கே போகிறது. அதனால் நீர்ச் சுழற்சியை வட்டமாக வரையலாம், எந்தப் பெட்டியிலிருந்து படிக்கத் தொடங்கினாலும் பொருள் கெடாது. உங்கள் படத்தை "வாடிக்கையாளருக்குத் தெரிவித்தல்" என்ற பெட்டியிலிருந்து படித்துப் பாருங்கள். எதைத் தெரிவிக்கிறோம் என்றே புரியாது. இதற்கு ஒரு தொடக்கம் இருக்கிறது, ஒரு முடிவும் இருக்கிறது. அப்படியென்றால் இது வட்டமல்ல, கோடு.

ஆனால் ஏதோ ஒன்று திரும்பி வருகிறது என்று உங்களுக்குத் தோன்றியதே, அதில் உண்மை இருக்கிறது. மறுஆய்வு முடிந்ததும் கையில் என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள். "இந்த மாதிரிப் புகார் இனி நேராகத் தரக் கட்டுப்பாட்டுக்குப் போகட்டும்" என்பது போன்ற ஒரு விதிதான் மிஞ்சுகிறது. அது போய்ச் சேரும் இடம் முதல் பெட்டியல்ல, வகை பிரிக்கும் இரண்டாவது பெட்டி. இன்னொன்றையும் கவனியுங்கள். முதல் நான்கு கட்டங்கள் ஒவ்வொரு புகாருக்கும் நடக்கின்றன. மறுஆய்வு மாதம் ஒருமுறைதான் நடக்கிறது. இரண்டும் ஓடும் வேகம் வேறு. அதனால் நான்கு பெட்டிகளை ஒரே வரிசையில் வையுங்கள். மறுஆய்வைக் கீழே தனியாக, வேறு நிறத்தில் வையுங்கள். அங்கிருந்து வகை பிரிக்கும் பெட்டிக்கு ஒரே ஒரு வளைந்த அம்பு போட்டு, அதன் மேலேயே "புதிய பிரிப்பு விதி" என்று எழுதிவிடுங்கள். அம்பின் மேல் எழுத வார்த்தை கிடைக்கவில்லை என்றால் அந்த அம்பு அங்கே இருக்கக் கூடாது.

இதைச் செய்வது எளிது. பவர்பாயின்டில் ஏற்கெனவே போட்ட SmartArt படத்தைத் தேர்ந்தெடுத்து, SmartArt Design தாவலில் Convert, அதில் Convert to Shapes கொடுங்கள். பிறகு Ctrl+Shift+G அழுத்தினால் பெட்டிகள் தனித்தனியாகப் பிரியும். பழைய ஸ்லைடின் நகல் ஒன்றை முன்பே வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் மாற்றிய பிறகு பக்கவாட்டுப் பட்டியலில் வரியைத் திருத்திப் படத்தை மாற்றும் வசதி போய்விடும். அம்பு போட Insert, Shapes வழியாக இணைப்புக் கோடுகளில் ஒன்றை எடுத்து, பெட்டியின் விளிம்பில் தெரியும் புள்ளியில் கொண்டுபோய் விடுங்கள். ஒட்டிவிட்டால் பெட்டியை நகர்த்தும்போது அம்பும் கூடவே வரும். வராவிட்டால் ஒட்டவில்லை என்று பொருள்.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். ஐந்து வரிகளை SmartArt-ல் தட்டச்சு செய்துவிட்டு Layouts பகுதியில் சொடுக்கிக்கொண்டே போனால், அதே ஐந்து வரிகள் வட்டமாகும், பிரமிடாகும், வென் படமாகும். மென்பொருள் ஒரு இடத்திலும் மறுப்பு சொல்லாது. உங்கள் வரிகளுக்கு நடுவே என்ன உறவு என்று அதற்குத் தெரியாது. எந்த வடிவம் எதற்கு என்று தேர்வுப் பெட்டியின் வலது பக்கத்தில் சின்ன எழுத்தில் எழுதித்தான் இருக்கிறது. படங்களைப் பெரிதாகக் காட்டி அர்த்தத்தை ஓரத்தில் ஒதுக்கினால் யார் படிப்பார்கள்? இதைவிட மோசம் டெம்ப்ளேட் தொகுப்பு விற்பவர்கள். ஆறு இதழ் வட்டம், எட்டு அடுக்குப் பிரமிடு என்று நூற்றுக்கணக்கில் தருகிறார்கள். உங்களிடம் ஐந்து விஷயம் இருந்தால், இதழ் காலியாக இருக்கக் கூடாதே என்று ஆறாவதை இட்டுக்கட்டுகிறீர்கள். "ஸ்லைடை அழகுபடுத்தித் தருகிறேன்" என்று பணம் வாங்குபவர்களும் அப்படித்தான். இந்த இரண்டு பெட்டிக்கும் என்ன தொடர்பு என்று ஒரு கேள்வி கூடக் கேட்காமல் வேலையை முடித்துக் கொடுப்பவரிடம் இதை ஒப்படைக்காதீர்கள். "வெறும் பட்டியல் போடாதே, கலராக ஏதாவது போடு" என்று உத்தரவு போடும் அலுவலகப் பழக்கம் இருக்கும்வரை இந்த வியாபாரம் நடந்துகொண்டேதான் இருக்கும். உறவு ஒன்றும் இல்லாத ஐந்து விஷயங்களுக்குச் சரியான வடிவம் பட்டியல்தான். அதைப் போடத் தயங்காதீர்கள்.

பிரமிடுக்கு வருவோம். முதல் நிலை ஊழியர், தொழில்நுட்பக் குழு, நிபுணர் என்று மூன்று அடுக்கு. 100 புகாரில் 80 முதல் நிலையிலும், 15 இரண்டாவதிலும், 5 மூன்றாவதிலும் தீர்கின்றன என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். ஒரு முக்கோணத்தைச் சம உயரத்தில் மூன்றாக வெட்டினால் பரப்பளவு மேலிருந்து 1, 3, 5 என்ற விகிதத்தில் வரும். அதாவது உச்சித் துண்டு ஏறத்தாழ 11 சதவீதம், நடுத்துண்டு 33, அடித்துண்டு 56. பார்ப்பவர் கண் பரப்பளவைத்தான் எடைபோடும். 5 புகார் இரண்டு மடங்குக்கும் மேலாகத் தெரியும். நடுத்துண்டும் அப்படியே பெருக்கும். 80 சுருங்கிப்போகும். முதல் நிலை ஊழியரே பெரும்பாலானதை முடித்துவிடுகிறார் என்பதுதான் நீங்கள் சொல்ல வந்த நல்ல செய்தி, படம் அதையே குறைத்துக் காட்டுகிறது. எண்ணிக்கை முக்கியம் என்றால் மூன்று பட்டைகள் போடுங்கள். மேலே போகப் போகக் குறைகிறது என்பது மட்டும் போதும் என்றால் பிரமிடு இருக்கலாம், ஆனால் ஒவ்வொரு அடுக்கிலும் எண்ணைப் பெரிதாக எழுதிவிடுங்கள். "நிபுணர் மேலே இருக்கிறார், எனவே முக்கியமானவர்" என்பதற்காக மட்டும் பிரமிடு வேண்டாம்.

கடைசியாக வென் படம். விற்பனை, தொழில்நுட்பம், சேவை என்று மூன்று வட்டம் போட்டு, நடுவில் "வாடிக்கையாளர் மகிழ்ச்சி" என்று எழுதியிருப்பீர்கள். பெரும்பாலான அலுவலக வென் படங்களில் இதுதான் இருக்கும். இது தவறு. ஒரு வட்டம் என்பது ஒரு கூட்டம், அதற்குள் உறுப்பினர்கள் இருக்க வேண்டும். இரண்டு வட்டம் கவியும் இடத்தில், இரண்டிலும் ஒருசேர இருப்பவை மட்டும் வரும். மகிழ்ச்சி என்பது மூன்று துறைகளும் உழைத்ததன் விளைவு, மூன்றிலும் உறுப்பினராக இருக்கும் பொருளல்ல. விளைவைச் சொல்வதென்றால் மூன்று பெட்டிகளிலிருந்து ஒரு பெட்டிக்கு அம்பு போட்டால் போதும்.

வட்டங்களின் பெயரை மாற்றினால் இதே படம் உயிர்பெறும். "விநியோகத் தாமதப் புகார்", "தரக் குறைவுப் புகார்", "கட்டணப் புகார்" என்று வையுங்கள். இனி உண்மையான ஒரு புகாரைக் கையில் எடுத்து எந்த இடத்தில் வைப்பது என்று பாருங்கள். தாமதமாக வந்ததோடு உடைந்தும் வந்தது என்றால் முதல் இரண்டும் கவியும் இடம். அந்த இடத்தில் இருக்கும் புகார்களை இரண்டு துறை சேர்ந்துதான் தீர்க்க முடியும். கூட்டத்தில் பேச வேண்டியது அதைப் பற்றித்தான்.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் எல்லோரும் சறுக்குகிறார்கள். மூன்று வட்டம் முறையாகக் கவிந்தால் உள்ளே ஏழு பகுதிகள் வரும். உங்கள் புகார்களைப் பிரித்துப் பார்க்கும்போது, தரமும் கட்டணமும் சேர்ந்த புகார் ஒன்றுகூட இல்லை என்று தெரியவரலாம். அந்தப் பகுதியை வெறுமையாக விட்டால், ஏதோ எழுத மறந்துவிட்டார் என்றுதான் நினைப்பார்கள். இரண்டு வழி இருக்கிறது. "0" என்று எழுதுங்கள். இல்லையென்றால் அந்த இரண்டு வட்டங்களையும் தொடாமல் தள்ளி வையுங்கள். அப்போது மூன்றும் சேரும் நடுப்பகுதியும் மறைந்துவிடும். அது சரிதான், ஏனென்றால் இரண்டில் சேராத புகார் மூன்றில் சேர வாய்ப்பே இல்லை. ஒரு வகை முழுக்க இன்னொன்றுக்குள் அடங்கினால் சின்ன வட்டத்தைப் பெரியதன் உள்ளேயே போடுங்கள். இப்படி, இருக்கும் உறவை மட்டும் காட்டும் படத்துக்கு ஆய்லர் படம் என்று பெயர். SmartArt இதைத் தானாகத் தராது. நீங்கள்தான் வட்டங்களை நகர்த்தி வைக்க வேண்டும்.

SmartArt-ன் Basic Venn படத்தில் கவியும் இடத்துக்கென்று எழுத்துப் பெட்டி கிடையாது. அதனால் மூன்று வட்டங்களை Shapes-ல் நீங்களே வரைந்து, மூன்றையும் தேர்ந்தெடுத்து, Shape Format தாவலில் Merge Shapes, அதில் Fragment கொடுங்கள். ஏழு துண்டுகளாகப் பிரியும். நீங்கள் பேசப்போகும் துண்டுக்கு மட்டும் அழுத்தமான நிறம் கொடுங்கள், மற்றவை வெளிர் சாம்பலில் இருக்கட்டும். வட்டங்களை வெட்டிய பிறகு எழுத்தைச் சேர்ப்பதுதான் நல்லது.

நான்காவது வகையையும் சேர்க்கச் சொல்வார்கள். வட்டங்களால் முடியாது. நான்கு கூட்டங்களுக்கு வெளிப்புறத்தையும் சேர்த்து 16 பகுதிகள் வேண்டும், நான்கு வட்டங்களை எப்படிக் கவியவைத்தாலும் 14-க்கு மேல் வராது. Basic Venn படத்தில் நான்கு வட்டம் போட்டுப் பாருங்கள்: எதிரெதிரே இருக்கும் இரண்டு வட்டங்களில் மட்டும் சேரும் புகாரை வைக்க இடமே இருக்காது. நீள்வட்டங்களால் வரைய முடியும், ஆனால் கூட்டத்தில் யாராலும் படிக்க முடியாது. அந்த இடத்தில் ஒரு அட்டவணை போடுங்கள்: வரிசைக்கு ஒரு புகார் வகை, நெடுக்கில் துறைகள், பொறுப்புள்ள கட்டங்களில் ஒரு டிக்.