'ஷல்' போட்ட விதியில் தண்டம் யாருக்கு?

கேள்வி: "நல்லூர்ப் பக்கம் எங்கட தொடர்மாடியில 18 வீடு. விதிகளையும் அறிவித்தல்களையும் ஆங்கிலத்திலயும் தமிழிலயும் போடுறம். ஷல், வில், மஸ்ட் மூண்டையும் ஆளுக்கொரு விதமா எழுதுறம். பிந்திக் கட்டின காசுக்குத் தண்டம் எடுக்கிறதில போன மாதம் பெரிய சண்டை. எது சரியெண்டு சொல்லுங்கோ."

குடியிருப்பவருக்குக் கடமை என்றால் மஸ்ட். குழு விரும்பினால் செய்யலாம் என்றால் மே. நடக்கப்போவதை அறிவிப்பதற்கு மட்டும் வில். ஷல்லை விட்டுவிடுங்கள், அதை எங்கட சனம் வாய்விட்டு வாசித்தால் யுத்த கால ஷெல்லடி ஞாபகம்தான் வரும்.

ஷல் பிழையான ஆங்கிலம் இல்லை, ஒரே சொல் நாலு வேலை பார்க்கிறது என்பதுதான் சிக்கல். கடமை, வாக்குறுதி, எதிர்காலம், சில இடங்களில் வெறும் வரைவிலக்கணம், எல்லாவற்றுக்கும் அதையே போடுவார்கள். சட்டத்தில் அந்தச் சொல் வந்த இடங்களிலேயே அது கட்டாயமா, வழிகாட்டல் மட்டுமா என்று நீதிமன்றங்களில் வாதாடியிருக்கிறார்கள். அமெரிக்காவில் கூட்டாட்சி நீதிமன்றங்களின் குடியியல் நடைமுறை விதிகளை 2007 இல் திருத்தி எழுதியபோது ஷல்லை எடுத்துவிட்டு, இடத்துக்கு ஏற்றபடி மஸ்ட், மே, ஷுட் என்று பிரித்துப் போட்டார்கள்.

உங்கள் சண்டைக்கு வருவோம். விதி அநேகமாக இப்படித்தான் இருந்திருக்கும்: "கட்டணம் 10 ஆம் திகதிக்கு முன் செலுத்தப்படும். பிந்தினால் 500 ரூபா தண்டம் அறவிடப்படும்." ஆங்கிலத்தில் இரண்டு வரியிலும் ஷல். முதல் வரியில் யார் கட்டுவது என்றே இல்லை, வீட்டுக்காரரா, வாடகைக்கு இருப்பவரா? தமிழில் 'செலுத்தப்படும்' என்று வாசிக்கிறபோது யாரோ எங்களுக்காகக் கட்டப்போகிறார்கள் போலவும் கேட்கிறது. அதைவிடப் பெரிய ஓட்டை இரண்டாவது வரியில் இருக்கிறது. ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்த ஒருவருக்குக் குழு தண்டத்தை விட்டுக்கொடுக்கிறது என்று வையுங்கள், அடுத்த மாதம் பிந்திய இன்னொருவர் வந்து 'அவருக்கு விட்டீர்கள், எனக்கு ஏன் இல்லை' என்பார். அறவிட்டே ஆகவேண்டும் என்பது விதியா, அறவிடுவதற்கு அதிகாரம் மட்டும் இருக்கிறதா? அந்த ஷல் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது, அதனால் இரண்டு பக்கமும் தங்கள் கட்சி சரி என்றுதான் நிற்கும்.

அதை உடைத்து எழுதினால் இப்படி வரும்: "வீட்டின் உரிமையாளர் ஒவ்வொரு மாதமும் 10 ஆம் திகதி அல்லது அதற்கு முன் பராமரிப்புக் கட்டணத்தைச் செலுத்த வேண்டும். பிந்தினால் உரிமையாளர் 500 ரூபா தண்டமும் செலுத்த வேண்டும். காரணம் எழுத்தில் தரப்பட்டால் குழு தண்டத்தைத் தள்ளுபடி செய்யலாம்." ஆங்கிலத்தில் முதல் இரண்டுக்கும் மஸ்ட், மூன்றாவதற்கு மே. தள்ளுபடியே கிடையாது என்று பொதுக்கூட்டத்தில் முடிவெடுத்தால் கடைசி வரியை எடுத்துவிட்டு, குழு தண்டத்தை அறவிட வேண்டும் என்று போடுங்கள், அப்போது குழுவுக்கும் அது கடமையாகிவிடும். 10 ஆம் திகதிக்கு 'முன்' என்று மட்டும் விட்டால் 10 ஆம் திகதி கட்டியவர் பிந்தியவரா என்று இன்னொரு சண்டை வரும், அதனால்தான் 'அல்லது அதற்கு முன்'.

வில் எங்கே? "சனிக்கிழமை தாங்கி கழுவுவதால் காலை 9 முதல் 12 வரை தண்ணீர் வராது." இது நடக்கப்போவதைச் சொல்கிறது, வில் போதும். ஆனால் அதே அறிவித்தலில் "குடியிருப்பாளர்கள் வாளிகளில் தண்ணீர் நிரப்பி வைப்பார்கள்" என்று எழுதினால் அது ஜோசியம். அது வெறும் ஆலோசனை என்றால் 'நிரப்பி வைப்பது நல்லது' என்றே எழுதுங்கள்.

தமிழுக்கென்று இன்னொரு பொறி இருக்கிறது, அதுதான் 'தயவுடன் கேட்டுக்கொள்கிறோம்'. எங்கட ஊர் அறிவித்தலில் அது இல்லாவிட்டால் முகத்தில் அடித்த மாதிரி என்று செயலாளர்மார் நினைப்பார்கள். சரி, நினைக்கட்டும். ஆனால் "படலைக்கு முன்னால் மோட்டார் சைக்கிள் நிறுத்த வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறோம்" என்று எழுதிவிட்டு அதற்குத் தண்டம் கேட்க முடியாது, கேட்டுக்கொண்டதை நான் கேட்கவில்லை என்று ஒருவர் சொன்னால் என்ன செய்வீர்கள்? தண்டம் இருக்கிற இடத்தில் 'நிறுத்தக் கூடாது', ஆங்கிலத்தில் மஸ்ட் நொட். மே நொட் போடாதீர்கள், 'நிறுத்தாமலும் இருக்கலாம்' என்றும் அதற்கு ஒரு வாசிப்பு உண்டு. தயவை அறிவித்தலின் முதல் வரியில் வைத்துக்கொள்ளலாம்.

பழைய விதிகளைத் திருத்தும்போது கணினியில் ஷல் எல்லாவற்றையும் ஒரே தட்டில் மஸ்ட் ஆக்கிவிடாதீர்கள். ஒவ்வொன்றிலும் 'இன்னாருக்கு இது கடமை' என்று போட்டு வாசியுங்கள். பொருந்தினால் மஸ்ட். "குழுவில் 5 பேர் இருப்பர்" போன்ற இடங்களில் யாருக்கும் கடமை இல்லை, அங்கே நிகழ்காலம் போதும், "குழுவில் 5 பேர் உள்ளனர்". சட்டத்திலிருந்தோ உறுதியிலிருந்தோ எடுத்த வரியானால் ஷல்லோடு அப்படியே மேற்கோளாக விடுங்கள், அதை மாற்ற உங்கள் குழுவுக்கு அதிகாரம் இல்லை. அப்புறம், ஆங்கிலமும் தமிழும் முரண்பட்டால் எது செல்லும் என்று ஒரு வரியை விதிகளிலேயே சேர்த்து, பொதுக்கூட்டத்தில் நிறைவேற்றி வையுங்கள்.